‘எனக்கு’ காட்டும் இலக்கணம்

‘ஐ ஆம் ஹேவிங் எ டவுட், சார்.’ நம்மூர் வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் அன்றாடம் கேட்கிற வாக்கியம் இது. ‘ஐ ஆம் நோயிங் ஹிம் வெரி வெல்’, ‘திஸ் ஷாப் இஸ் பிலாங்கிங் டு மை அங்கிள்’ என்பவையும் இதே வகை. சொல்ல வந்தது கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆனால் தேர்வுத்தாளில் மதிப்பெண் போய்விடும்.

இதற்கு வகுப்பில் வழக்கமாகத் தரப்படும் மருந்து ஒரு பட்டியல். நோ, வாண்ட், லைக், நீட், பிலாங், பிலீவ், அண்டர்ஸ்டாண்ட் என்று முப்பது நாற்பது வினைச்சொற்களை எழுதிப்போட்டு, இவற்றோடு ‘ஐ.என்.ஜி.’ சேர்க்காதே என்று மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதில் பாதிக்கு மேற்பட்ட சொற்களை மனப்பாடம் இல்லாமலே கண்டுபிடிக்கும் வழி ஒன்று தமிழ் பேசுபவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. நான்காம் வேற்றுமைதான் அந்த வழி.

முதலில், இந்தச் சொற்கள் ஏன் தனியாக நிற்கின்றன என்று பார்ப்போம். ஓடுவது, சமைப்பது, எழுதுவது எல்லாம் செயல்கள். அவற்றைத் தொடங்கலாம், நடுவில் நிறுத்தலாம், மீண்டும் தொடரலாம். ‘என்ன செய்கிறாய்?’ என்று கேட்டால் ‘எழுதுகிறேன்’ என்று பதில் சொல்லலாம். தெரிவது, வேண்டியிருப்பது, சொந்தமாக இருப்பது அப்படியல்ல. ‘என்ன செய்கிறாய்?’ என்ற கேள்விக்கு ‘எனக்கு அவரைத் தெரியும்’ என்று யாரும் பதில் சொல்வதில்லை. அது ஒரு நிலை. ஆங்கில இலக்கணத்தில் இத்தகைய சொற்களுக்கு ‘ஸ்டேட்டிவ் வெர்ப்’ என்று பெயர். நாம் நிலைவினை எனலாம். நடந்துகொண்டிருக்கும் ஒரு செயலைப் பாதியில் பிடித்துக் காட்டுவதே கன்டினியூஸ் வடிவத்தின் வேலை. நிலைக்குப் பாதி என்று ஒன்று கிடையாது. அதனால்தான் அந்த வடிவம் அதில் ஒட்டுவதில்லை.

இனி தமிழுக்கு வருவோம். ‘நான் ஓடுகிறேன், நான் சமைக்கிறேன்’ என்கிறோம். ஆனால் ‘நான் தெரிகிறேன், நான் வேண்டுகிறேன்’ என்று அந்தப் பொருளில் சொல்வதில்லை. எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் புரிகிறது, எனக்குத் தேவை, எனக்கு நினைவிருக்கிறது, எனக்குச் சொந்தம். இந்த ஏழையும் வரிசையாக ஆங்கிலத்தில் வைத்தால் நோ, வாண்ட், லைக், அண்டர்ஸ்டாண்ட், நீட், ரிமெம்பர், பிலாங். ஏழும் நிலைவினைகள். செய்பவரை ‘நான்’ என்று நிறுத்தும் தமிழ், ஒரு நிலையில் இருப்பவரைக் ‘கு’ உருபு சேர்த்து ‘எனக்கு’ என்று நிறுத்துகிறது. ஆங்கிலம் இரண்டு இடத்திலும் ‘ஐ’ என்றே போடுவதால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

வலிந்து ‘கொண்டிருக்கிறேன்’ சேர்த்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ‘எனக்கு வேண்டும்’ என்பது விருப்பம். ‘நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்’ என்றால் கோயிலில் கைகூப்பி நிற்கிறேன் என்று பொருள். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பது ஈடுபாடு. ‘நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றால் கையில் ஏதோ இருக்கிறது. ‘எனக்கு’ போய் ‘நான்’ வந்ததும் நிலை செயலாகிவிட்டது, பொருளும் மாறிவிட்டது. தமிழ் காதுக்கு இது இயல்பாகவே தெரிகிறது.

தொடக்கத்தில் சொன்ன ‘டவுட்’ வாக்கியத்தை இப்போது சோதித்துப் பாருங்கள். தமிழில் அது ‘எனக்கு ஒரு சந்தேகம்’. ‘எனக்கு’ வந்துவிட்டது, ஆகவே ‘ஐ ஹேவ் எ டவுட்’. எனக்குக் காய்ச்சல் இருக்கிறது: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. எனக்கு இரண்டு தம்பிகள்: ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’. மூன்றிலும் ‘ஹேவிங்’ வராது.

புலன்களுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். ‘எனக்குச் சத்தம் கேட்கிறது’ என்பது ‘ஹியர்’. ‘நான் பாட்டுக் கேட்கிறேன்’ என்பது ‘லிசன்’. ‘எனக்கு மலை தெரிகிறது’ என்பது ‘சீ’. ‘நான் மலையைப் பார்க்கிறேன்’ என்பது ‘லுக்’. ‘எனக்கு’ வரும் இரண்டும் சிம்பிள் வடிவத்தில் நிற்கும்: ‘ஐ ஹியர் எ நாய்ஸ்’, ‘ஐ சீ த ஹில்’. பேச்சில் ‘கேன்’ சேர்த்து ‘ஐ கேன் ஹியர் எ நாய்ஸ்’ என்பது இன்னும் இயல்பு. ‘நான்’ வரும் இரண்டும் கன்டினியூஸில் தயங்காமல் நடக்கும்: ‘ஐ ஆம் லிசனிங்’, ‘ஐ ஆம் லுக்கிங்’.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. மூன்று இடங்களில் தமிழ் நம்மைத் தடம் மாற்றும்.

முதலாவது, ‘நான்’ எடுத்துக்கொள்ளும் மனவினைகள். நம்புகிறேன், வெறுக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், விரும்புகிறேன். ‘இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் பிலீவிங் யூ’ என்றால் பிழை. ‘ஐ பிலீவ் யூ’ என்பதே சரி. பிலீவ், ஹேட், அக்ரீ, பிரிஃபர், சப்போஸ் ஆகிய சொற்களுக்கு மட்டும் மனப்பாடம் தேவைப்படுகிறது. பட்டியல் இங்கே சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, ‘இருக்கிறான்’ என்று முடியும் தோற்றங்கள். உட்கார்ந்திருக்கிறான், நின்றிருக்கிறான், சட்டை போட்டிருக்கிறான். தமிழில் இவை நிலை போலவே ஒலிக்கும். ஆனால் ஆங்கிலம் இவற்றைத் தற்காலிகச் செயலாக எண்ணுகிறது: ‘ஹி இஸ் சிட்டிங்’, ‘ஹி இஸ் ஸ்டாண்டிங்’, ‘ஹி இஸ் வேரிங் எ புளூ ஷர்ட்’. சிறிது நேரத்தில் எழுந்துவிடலாம், சட்டையை மாற்றிவிடலாம் என்பதே காரணம். பொருள்களைப் பற்றி வரும் ‘அடங்கியிருக்கிறது’, ‘சார்ந்திருக்கிறது’ ஆகியவை வேறு. ‘கன்டெயின்’, ‘டிப்பெண்ட்’ இரண்டும் பெரும்பாலும் சிம்பிளிலேயே நிற்கும்.

மூன்றாவது, இருமுகச் சொற்கள். தேர்வு எழுதுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரே ஆங்கிலச் சொல் ஓரிடத்தில் நிலையையும் வேறோரிடத்தில் செயலையும் குறிக்கும். ‘த சூப் டேஸ்ட்ஸ் சால்ட்டி’: சூப் உப்புக் கரிக்கிறது. சூப் எதையும் செய்யவில்லை. அதன் சுவை அப்படி. ‘த குக் இஸ் டேஸ்டிங் த சூப்’: சமையல்காரர் கரண்டியில் எடுத்துச் சுவை பார்க்கிறார். இது செயல். ‘ஸ்மெல்’ என்பதும் ‘வெய்’ என்பதும் இதே போன்றவை: பெட்டி பத்துக் கிலோ எடை இருக்கிறது என்றால் சிம்பிள், கடைக்காரர் பெட்டியை எடை போடுகிறார் என்றால் கன்டினியூஸ். ‘திங்க்’ என்பதில் கருத்தும் யோசனையும் பிரிகின்றன. ‘ஐ திங்க் ஹி இஸ் ரைட்’ என்றால் அவர் சொல்வது சரி என்பது என் கருத்து. ‘ஐ ஆம் திங்கிங் அபௌட் த ஜாப்’ என்றால் அந்த வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஹேவ்’ என்பது உடைமையைக் குறித்தால் நிலை. சாப்பிடுவதைக் குறித்தால் செயல்.

இப்போது ஒரு பயிற்சியைப் போட்டுப் பார்ப்போம். கோடிட்ட இடத்தில் உரிய வடிவத்தை நிரப்ப வேண்டும்.

1. எ மேன் _____ நியர் த கேட் நவ். சொல்: ஸ்டாண்ட்.
2. ஹி _____ டு சீ த மேனேஜர் நவ். சொல்: வாண்ட்.
3. திஸ் ஷாப் _____ டு ஹிஸ் பிரதர். சொல்: பிலாங்.
4. த மேனேஜர் _____ லன்ச் அட் த மோமெண்ட். சொல்: ஹேவ்.
5. ஐ _____ ஹிம் ஃபார் டென் இயர்ஸ். சொல்: நோ.

முதல் இரண்டு வாக்கியங்களிலும் ‘நவ்’ இருக்கிறது. ‘நவ்’ பார்த்தால் ‘ஐ.என்.ஜி.’ என்று பழகிய கை இரண்டிலும் அதையே போடும். கேள்வி எழுதுபவர் வைத்த தூண்டில் அது. எனவே காலச்சொல்லைப் பார்ப்பதற்கு முன் வினைச்சொல்லைப் பாருங்கள். முதலாவதில் நிற்பது மாறக்கூடிய உடல்தோற்றம், ‘இஸ் ஸ்டாண்டிங்’. இரண்டாவதைத் தமிழில் நினைத்தால் ‘அவருக்கு மேலாளரைப் பார்க்க வேண்டும்’. ‘கு’ வந்துவிட்டது, ‘நவ்’ இருந்தாலும் விடை ‘வாண்ட்ஸ்’.

மூன்றாவது, கடை அவருடைய அண்ணனுக்குச் சொந்தம். மறுபடி ‘கு’. விடை ‘பிலாங்ஸ்’. நான்காவதில் ‘ஹேவ்’ இருமுகச் சொல் என்பதால் அடுத்து வரும் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘லன்ச்’ என்று இருக்கிறது. மேலாளர் மதிய உணவை உடைமையாக வைத்திருக்கவில்லை, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். விடை ‘இஸ் ஹேவிங்’. அதே இடத்தில் ‘எ கார்’ என்று இருந்தால் ‘ஹேஸ்’ ஆகிவிடும்.

ஐந்தாவதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘ஃபார் டென் இயர்ஸ்’ என்றதும் ‘ஹேவ் பீன்’ போட்டு ‘ஐ.என்.ஜி.’ சேர்க்கத் தோன்றும். எத்தனை ஆண்டு நீண்டாலும் நிலை நிலைதான். பத்து வருஷமாக எனக்கு அவரைத் தெரியும்: ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. கன்டினியூஸை ஏற்காத சொல் பர்ஃபெக்ட் கன்டினியூஸையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. ‘வாண்ட்’ மட்டும் பேச்சில் ‘ஐ ஹேவ் பீன் வாண்டிங் டு மீட் யூ’ என்று வருவதுண்டு. ரொம்ப நாளாக மனதில் இருக்கும் ஆசை என்று அழுத்திச் சொல்வதற்காக.

பேச்சு ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட விலக்குகள் வேறு சிலவும் உண்டு. 2003-ல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்ற விளம்பர வாசகத்தைக் கொண்டுவந்தது. ‘லவ்’ நிலைவினைதான். ஆனால் இங்கே சொல்ல வருவது நிலையான அன்பை அல்ல, இந்த நொடியில் ருசித்து அனுபவிப்பதை. நிலையைச் செயலாக்கிக் காட்ட வேண்டும் என்றே அந்த வடிவத்தைத் தேர்ந்திருக்கிறார்கள். இலக்கணப் பயிற்சியில் அப்படியொரு குறிப்பு இல்லாதவரை ‘ஐ லவ் இட்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். நிலைவினைகளோடு ‘ஐ.என்.ஜி.’ எங்குமே வரக்கூடாது என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். தடை அதற்கல்ல. ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்’ ஆகியவற்றின் பின்னால் வினையாக வரும்போதுதான் தடை. ‘நோயிங் த டேஞ்சர், ஹி வென்ட் இன்’ என்பது நல்ல ஆங்கிலம். ஆபத்து தெரிந்தே உள்ளே போனான் என்று அதற்குப் பொருள். ‘ஹவுசஸ் பிலாங்கிங் டு ஃபார்மர்ஸ்’ என்பதும் அப்படியே. பிழை திருத்தும் கேள்விகளில் ‘ஐ.என்.ஜி.’யைக் கண்டதும் கோடு போடாமல், அதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று ஒரு பார்வை பாருங்கள். ‘இஸ்’ இருந்தால் வாக்கியத்தைத் தமிழாக்குங்கள். ‘எனக்கு, அவனுக்கு, அவர்களுக்கு’ என்று வந்தால் பிழை அநேகமாக அங்கேதான் இருக்கும்.