ஒரே போன், நான்கு கைகள்

வீட்டிலேயே தையல் தொழில் செய்யும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன, பணம் யுபிஐயில் வருகிறது. ஒன்பதாம் வகுப்பு மகனுக்கு மாலையில் பாட வீடியோ பார்க்க அதே போன் வேண்டும். நான்கு வயதுச் சின்னவளுக்கு அதில் கார்ட்டூன். எப்போதாவது பக்கத்து வீட்டு அக்கா மெயில் பார்க்கக் கேட்பார்.

இப்படிப்பட்ட வீடுகளில் முதலில் கைக்கு வருவது ஆப் லாக். வாட்ஸ்அப்பைப் பூட்டினால் அந்த ஆப் திறக்காது. ஆனால் அதில் வந்த தகவல் வேறு வழிகளில் வெளியே தெரியும். திரையின் மேலே வரும் நோட்டிஃபிகேஷனில் செய்தியின் முதல் வரிகளைப் படிக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் கேலரியில் சேமிக்கப்பட்டிருந்தால், அவற்றை அங்கே பார்க்கலாம். வங்கி அனுப்பும் ஓடிபி, பூட்டாத மெசேஜ் ஆப்பில் வந்து நிற்கும். ஆகவே ஆப் லாக் போடுபவர்கள் கேலரியையும் மெசேஜ் ஆப்பையும் சேர்த்தே பூட்ட வேண்டும். நோட்டிஃபிகேஷனில் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றவும் வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை கைரேகை. போனைத் திறக்க வசதியாக இருக்கட்டும் என்று மகனின் விரலையும் பதிவு செய்திருப்பார்கள். ஆப் லாக்கும் கைரேகையில் திறப்பதாக இருந்தால், பதிவான எந்த விரலுக்கும் அது திறந்துவிடும். ஆப் லாக்குக்குத் தனி பின் எண் வைத்து, கைரேகையை அங்கே அணைத்துவிடுவது நல்லது. பூட்டுவதற்கென்று முகம் தெரியாத ஆப் எதையும் இறக்க வேண்டாம். திரையில் நடப்பதையெல்லாம் பார்க்கும் அனுமதியை அவற்றில் பல கேட்கும். ஷாவ்மி, விவோ, ஓப்போ, ரியல்மி போன்களில் இந்த வசதி பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது.

தினமும் ஒரு மணி நேரம் போனை வைத்திருக்கும் மகனுக்கு ஏற்றது தனி யூசர் ப்ரொஃபைல். ஒரே வீட்டில் தனித்தனிச் சாவியுள்ள அறைகள் போன்றது இது. மகனின் ப்ரொஃபைலில் அவனுடைய கூகுள் கணக்கு, அவன் ஆப்கள், அவன் படங்கள் மட்டும் இருக்கும். அம்மாவின் யுபிஐ ஆப் அங்கே கண்ணிலேயே படாது. ஆண்ட்ராய்டு போன்களில் 2014இல் வந்த 5.0 பதிப்பு முதல் இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் எல்லா நிறுவனங்களும் அதைத் தருவதில்லை. பிக்சலிலும் மோட்டோரோலாவின் பல மாடல்களிலும் இருக்கிறது. சாம்சங் டேப்லெட்டில் உண்டு, போனில் இல்லை. ஐபோனிலும் இல்லை. Settings திறந்து தேடும் பெட்டியில் Users என்று தட்டிப் பாருங்கள். வந்தால், அதற்குள் சென்று புதியவரைச் சேர்க்கலாம்; வராவிட்டால் ஆப் லாக்தான் வழி.

சேர்த்ததும் கவனிக்க வேண்டியவை இரண்டு. அம்மாவின் ப்ரொஃபைலுக்குப் பின் எண் இருக்க வேண்டும். மகனுக்கு அது தெரியக் கூடாது. இல்லையென்றால் ஒரு தட்டில் அவன் மறுபக்கம் போய்விடுவான். அடுத்தது, புதிய ப்ரொஃபைலுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் முதலில் அனுமதிக்கப்படுவதில்லை. அம்மா தன் பக்கத்திலிருந்து அனுமதிக்கலாம். ஆனால் அப்போது அழைப்பு, எஸ்எம்எஸ் விவரங்கள் அவனுக்கும் தெரியும், ஓடிபி உட்பட. பாடம் பார்க்க மட்டும் என்றால் அணைந்தே இருக்கட்டும்.

இதற்கு விலையும் உண்டு. மகன் தன் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் அம்மாவின் வாட்ஸ்அப் ஆர்டர்கள் பெரும்பாலும் திரைக்கு வராது. வாடிக்கையாளர்கள் அதிகம் பேசும் நேரத்தைத் தவிர்த்து அவனுக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். அதே எண்ணில் மகன் பக்கத்திலும் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தால், அம்மாவின் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். போனின் சேமிப்பிடமும் இருவருக்கும் பொதுதான். அவன் இறக்கும் வீடியோக்கள் அம்மாவின் இடத்தையும் தின்னும். ப்ரொஃபைலை நீக்கினால் அதிலிருந்த அனைத்தும் போய்விடும் என்பதால், முதலில் படங்களை வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு கெஸ்ட் மோட் போதும். அவர் மெயில் பார்த்து முடித்ததும் கெஸ்ட்டிலிருந்து வெளியேறும்போது, அவர் செய்தவற்றை அழிக்கும்படி தேர்வு செய்ய வேண்டும். அடுத்த முறை கெஸ்ட்டுக்குள் போகும்போது பழையதைத் தொடரவா என்று போன் கேட்டால், அழிபடவில்லை என்று அர்த்தம்; அவர் கணக்கு இன்னும் உள்ளே இருக்கிறது.

சின்னவளுக்கு இவை எதுவும் வேண்டாம். செக்யூரிட்டி அமைப்புகளில் உள்ள App pinning, கார்ட்டூன் ஓடும் ஆப்பை மட்டும் திரையில் நிறுத்திவைக்கும். விடுவிக்கப் பின் எண் கேட்கும்படி அமைத்தால் அவளால் வெளியே வர முடியாது. ஐபோனில் இதே வேலையை Guided Access செய்கிறது.

எல்லாம் அமைத்த பிறகு, மகனின் ப்ரொஃபைலில் போனை வைத்து வேறு எண்ணிலிருந்து ஒரு அழைப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பிப் பாருங்கள். எது வருகிறது, எது வரவில்லை என்று தெரிந்துவிட்டால், அவன் கையில் போனை எந்த நேரத்தில் கொடுப்பது என்பதும் தெளிவாகிவிடும்.