காப்பி ஃபில்டரில் ஒளிந்திருக்கும் சிக்கு வாடை

மக்களே, குளத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். "அம்மா தினமும் ஃபில்டரைக் கழுவுகிறாள். பிறகும் ஏன் காப்பியில் பழைய வாடை அடிக்கிறது?" கூர்மையான மூக்குதான் உனக்கு! வா, பார்க்கலாம்.

வறுத்த காப்பிக்கொட்டையில் எண்ணெய் இருக்கிறது. நூறு கிராம் கொட்டையில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து கிராம் எண்ணெய். டிகாக்‌ஷன் இறங்கும்போது அதில் கொஞ்சம் ஃபில்டரின் சுவரிலும் ஓட்டைகளிலும் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் சேராதே! அதனால் வெறும் தண்ணீரில் அலசினால் தூள் போகும், எண்ணெய் போகாது.

ஒட்டிய எண்ணெயைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மாற்றுகிறது. டப்பாவில் பல நாள் கிடந்த முறுக்கு சிக்கு வாடை அடிக்குமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம் நடக்கும். இதுவரை புரிந்ததா?

சரி, எப்படிப் போக்குவது? அடுக்களையில் இருக்கும் ஆப்பசோடா போதும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடாவைப் போட்டு, அதில் எவர்சில்வர் ஃபில்டரின் மேல் பாத்திரத்தையும் துளைத்தட்டையும் பத்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. நீ பக்கத்தில் நின்று பார்.

கொதிக்கும்போது சோடாவிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிச்சமிருக்கும் கரைசலில் காரம் கூடும். பழைய எண்ணெயில் ஒரு பகுதியை அந்தக் காரம் சோப்பாக மாற்றிவிடும். சோப்பு தண்ணீரில் கரையும் இல்லையா? அதுதான் சூட்சுமம்! தண்ணீர் பழுப்பாகும். ஆறியதும் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசி, காயவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யாதே. காரம் அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைக்கும்.

கப்பின் உள்ளே படியும் பழுப்புக் கறை வேறு. அது பெரும்பாலும் காப்பியின் நிறப்பொருள். ஈரத் துணியில் கொஞ்சம் ஆப்பசோடா தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

காப்பி அரைக்கும் மெஷினுக்குள் தண்ணீர் விடக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்த பிரஷால் இடுக்குகளில் உள்ள தூளைப் பெரியவர்கள் தட்டியெடுக்கட்டும். எண்ணெய் அந்தத் தூளில்தான் ஊறிக் கிடக்கும்.

ஃபில்டர் சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு சோதனை சொல்கிறேன். மேல் பாத்திரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடி. எல்லா ஓட்டைகளிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத ஓட்டையில் தூள் அடைத்திருக்கிறது. அடுத்து, காலி ஃபில்டரில் அம்மாவிடம் வெந்நீர் ஊற்றச் சொல். மூடி இரண்டு நிமிடம் கழித்துத் திறந்து, கொஞ்சம் ஆறவிட்டு மோந்து பார். சிக்கு வாடை இன்னும் வந்தால் மறுபடி ஒருமுறை சோடாவில் கொதிக்க வைக்கச் சொல். வரவில்லையென்றால், அம்மா இனி புதுத் தூளைப் போடலாம்.