கதவு ரப்பரின் மடிப்புக்குள்ளே

துவைத்து, காயவைத்து, மடித்து அடுக்கிய துண்டை எடுத்து முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. குளித்துவிட்டு ஈர உடம்பைத் துடைக்கும்போதுதான் ஒரு முடை நாற்றம் எழும். காய்ந்தால் மறையும், நனைந்தால் திரும்ப வரும். முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் இருக்கும் வீடுகளில், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில், அடிக்கடி கேட்கும் புகார் இது. கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற ரப்பரின் மடிப்பைக் கீழ்ப்பக்கமாக விரித்துப் பாருங்கள். அங்கே கறுப்புப் புள்ளிகளும் வழவழப்பும் இருந்தால், நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

பாதிதான். மீதி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. பலரும் ரப்பரை மட்டும் தேய்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து நாற்றம் திரும்பியதும் மெஷினையே குறை சொல்வது அதனால்தான்.

இந்த ரப்பர் ஏன் இப்படி மடிப்பு மடிப்பாக இருக்கிறது? உள்ளே தொட்டி ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டு சுழலும்போது ஆடுகிறது. வெளியே கதவும் முகப்பும் அசையாமல் நிற்கின்றன. இரண்டையும் தண்ணீர் ஒழுகாமல் இணைக்க, ஆர்மோனியத் துருத்தி போல விரிந்து சுருங்கும் ஒரு வளையம் வேண்டும். மெக்கானிக்குகள் ‘கேஸ்கெட்’ என்றோ ‘டோர் ரப்பர்’ என்றோ சொல்வது இதைத்தான். மடிப்பு இல்லாவிட்டால் அது ஆட்டத்தைத் தாங்காது. மடிப்பு இருந்தால் அதில் தண்ணீர் தேங்கும். மேலே மூடி வைத்த டாப் லோடு மெஷினில் இந்த ரப்பரே கிடையாது என்பதால், அதில் அழுக்கு வேறு இடங்களில் சேரும்; இந்தத் தொல்லை மட்டும் இல்லை.

தேங்கிய தண்ணீரோடு சோப்பு மிச்சமும், துணியிலிருந்து வரும் எண்ணெய்ப் பிசுக்கும், நூல் தூசும் சேர்கின்றன. ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றும் வீடுகளில் அதன் மெழுகு போன்ற படலமும் கூடுகிறது. கதவைச் சாத்திவிட்டால் காற்றும் இல்லை. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல இடம் வீட்டில் வேறு இல்லை. அவை தனித்தனியாக மிதப்பதில்லை. வழவழவென்ற ஒரு படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. அந்தப் படலத்துக்குள் சோப்புத் தண்ணீர் எளிதில் ஊடுருவாது. கண்ணில் படும் கறுப்பு பெரும்பாலும் பூஞ்சை. மூக்கைத் துளைக்கும் நாற்றத்தில் பெரும்பங்கு பாக்டீரியாவுடையது. துவைத்த துணியின் ஈர நாற்றத்துக்கு மொராக்ஸெல்லா ஆஸ்லோயன்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது காய்ந்த துணியிலும் உயிரோடிருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரையும் ஓரளவு தாங்கும். அதனால்தான் மொட்டைமாடியில் உலர்த்திய துண்டும் நனைந்தவுடன் நாறுகிறது.

என் சித்தி வீட்டு மெஷினைத் திறந்து சுத்தம் செய்தபோது பக்கத்தில் இருந்தேன். வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு, குளியலறையை ஒட்டிய சிறிய இடம், ஜன்னல் இல்லை. தினமும் ஒரு முறை, 30 டிகிரியிலோ வெறும் தண்ணீரிலோ துவைப்பு. துணியை எடுத்ததும் கதவைச் சாத்திவிடுவார். "குழந்தை உள்ள வீடு, திறந்து போட்டா கைய விடுவான்ல?" என்றார். நியாயமான பயம்தான்.

வந்த மெக்கானிக் முதலில் பிளக்கைப் பிடுங்கினார். கதவின் கீழ்ப்புறம், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில், ரப்பரின் உதட்டை இரண்டு கட்டைவிரலால் தன் பக்கம் இழுத்தார். உள்ளே தலைமுடிச் சுருள், ஒரு சேஃப்டி பின், கரைந்துபோன ரசீது, அவற்றுக்கு அடியில் பழுப்பு நிறக் கூழ். அதை டிஷ்யூவால் வழித்து எடுத்ததும்தான் மடிப்பின் அடியில் மூன்று சிறு துளைகள் தெரிந்தன. "இதுதாம்மா விஷயம். இந்த ஓட்டை அடைச்சா தண்ணி எங்க போகும்?" என்று சொல்லிவிட்டு, ஒரு பல்குச்சியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்தார். பல மெஷின்களில் மடிப்பில் தேங்கும் நீர் தொட்டிக்குள் வடிய இப்படித் துளைகள் உண்டு. இவை அடைத்திருந்தால் எத்தனை மருந்து போட்டாலும் அடுத்த துவைப்பில் அங்கே மறுபடி குட்டைதான்.

குப்பையை எடுத்து, மடிப்பை சோப்புத் தண்ணீரால் துடைத்துப் படலத்தைக் கலைத்த பிறகே பிளீச்சுக்கு வேலை. அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் அழுக்கோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு. கையுறை போட்டுக்கொண்டு, பழைய பருத்தித் துணியைக் கீற்றுகளாகக் கிழித்து, அந்தக் கரைசலில் நனைத்து, மடிப்புக்குள் சுற்றிலும் திணித்து வைத்தார் மெக்கானிக். தெளித்தால் வழிந்து ஓடிவிடும். துணி திணித்தால் மருந்து அங்கேயே நிற்கும். அரை மணி நேரம் கழித்துக் கீற்றுகளை எடுத்து, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தார். பிறகு பிளக்கைச் செருகி, துணி எதுவும் போடாமல் ஒரு அலசல் ஓட்டம். அந்த நேரம் முழுக்கக் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்தியே சொல்ல வேண்டும். பிளீச் பட்ட இடத்தில் வினிகரோ, எலுமிச்சையோ, சிட்ரிக் அமிலம் கலந்த டீஸ்கேலிங் பவுடரோ, கழிவறை கழுவும் ஆசிடோ அதே வேளையில் படக் கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சிறிய, காற்றில்லாத அறையில் அது நுரையீரலைத் தாக்கும். போர் தண்ணீர் உப்புப் படிவுக்காக டீஸ்கேலிங் செய்வதென்றால், நன்றாக அலசிவிட்டு வேறொரு நாளில் செய்யுங்கள். வினிகரும் சமையல் சோடாவும் ஒன்றாகப் போடும் வைத்தியம் பலரும் சொல்வது. ஒன்று அமிலம், மற்றது காரம். நுரைத்து ஒன்றையொன்று தீர்த்துவிடுகின்றன, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். வினிகரை மட்டும் அடிக்கடி ஊற்றினால் காலப்போக்கில் ரப்பர் கெடும் என்று சில தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள்.

ரப்பர் முடிந்தால் கண்ணுக்குத் தெரியாத மீதிப் பாதி. துளைகள் உள்ள எஃகு டிரம்முக்கு வெளியே இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலும், டிரம்மைப் பின்னால் தாங்கும் மூன்று கை உலோகச் சட்டத்திலும் அதே கூழ் படிந்திருக்கும். அங்கே கை போகாது, சூடுதான் போகும். வெறும் டிரம்மில் ஆக்சிஜன் பிளீச் பவுடர், அதாவது சோடியம் பெர்கார்பனேட், சுமார் 100 கிராம் போட்டு, 60 டிகிரிக்குக் குறையாத நீண்ட ஓட்டத்தில் விடுங்கள். இந்தப் பவுடர் குளிர்ந்த நீரில் மந்தமாகத்தான் வேலை செய்யும். மெஷினில் ‘டப் கிளீன்’ பொத்தான் இருந்தால் கையேட்டில் அதன் வெப்பநிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்தி வீட்டில் முதல் ஓட்டத்தின்போது கண்ணாடியில் பழுப்புத் துணுக்குகள் சுழன்றன. அப்படி வந்தால் பயப்பட வேண்டாம். படிவு கழன்று வருகிறது என்று பொருள். துணுக்குகள் நிற்கும்வரை இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.

சோப்பு டிராயரையும் முழுதாக உருவி, அது போய் உட்காரும் அறையின் மேற்கூரையைத் துடைக்க வேண்டும். அங்கேயும் கறுப்பு பூத்திருக்கும். முன்பக்கம் கீழே சிறு கதவுக்குப் பின்னால் உள்ள பம்ப் ஃபில்டரைத் திறக்கும் முன், ஒரு தட்டையான தட்டை அடியில் வைத்துக்கொள்ளுங்கள்; தேங்கிய நீர் கொட்டும்.

இத்தனைக்குப் பிறகும் ரப்பரில் சில கறுப்புப் புள்ளிகள் மிஞ்சின. "போகலையே?" என்று சித்தி வருத்தப்பட்டார். பூஞ்சையின் நிறம் ரப்பருக்குள் ஊறிவிட்டால் அது வெறும் கறை, உயிர் இல்லை. நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் துணியில் கறுப்பு ஒட்டவில்லை, முகர்ந்தால் வாடை இல்லை என்றால் விட்டுவிடலாம். அதைப் போக்க பிளீச்சை மறுபடி மறுபடி ஊற்றினால் ரப்பர் வெடிக்கும். கீறலோ கிழிசலோ இருந்தால் மட்டும் புதிய கேஸ்கெட். அதை உள்ளும் வெளியும் இரண்டு கிளாம்ப் வளையங்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். உள்வளையம் சரியாக உட்காராவிட்டால் ஒழுகும், ஆகவே அது மெக்கானிக் வேலை.

திரும்ப வராமல் இருக்க என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது சோப்பின் அளவு. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. துவைத்து முடித்த சுத்தமான துண்டுகளை, துளி சோப்பும் போடாமல் 40 டிகிரியில் மறுபடி ஓட்டுங்கள். 10 நிமிடம் கழித்துக் கண்ணாடியில் நுரை தெரிந்தால், துணியிலும் தொட்டியிலும் பழைய சோப்பு தங்கியிருக்கிறது. நுரை அடங்கும்வரை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஃப்ரண்ட் லோடுக்கு நுரை குறைந்த சோப்பே வேண்டும். கையால் துவைக்கும் பவுடர் கூடாது. சாஃப்ட்னரை நிறுத்திப் பார்ப்பதும் நல்லது. துண்டு, படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரியில் போட்டால் துணியோடு தொட்டியும் சுத்தமாகும். கரண்ட் கொஞ்சம் கூடும். அடிக்கடி மெக்கானிக்கை அழைப்பதைவிட அது குறைவு.

அடுத்தது ஈரம். துவைப்பு முடிந்ததும் துணியை உள்ளேயே விடாமல் எடுத்து, மடிப்பின் அடிப்பகுதியை மட்டும் ஒரு துணியால் ஒற்றி, கதவை நான்கு விரல் அகலம் திறந்து வையுங்கள். டிராயரையும் சற்று வெளியே இழுத்துவிடுங்கள். குழந்தை உள்ள வீட்டில் கதவைத் திறந்து விடுவது உண்மையிலேயே ஆபத்து. உள்ளே ஏறிக்கொண்டால் மூச்சு முட்டும். சித்தி வீட்டில் இதற்கு ஒரு வழி செய்தோம். துணி உலரும் இரண்டு மணி நேரம், யாராவது பெரியவர் வீட்டில் விழித்திருக்கும்போது, அந்த அறையின் கதவை வெளியே தாழிட்டுவிட்டு மெஷின் கதவைத் திறந்து வைக்கிறார்கள். பிறகு சாத்திவிடுகிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த நேரம் ஓடுகிறது.

இவ்வளவும் செய்தும், இரண்டு நாள் மெஷின் ஓடாமல் இருந்து திறந்தால் சாக்கடை வாடை அடிக்கிறது என்றால், காரணம் பூஞ்சை அல்ல. கழிவுநீர்க் குழாய் வடிகாலுக்குள் ஆழமாகச் செருகியிருக்கலாம், அல்லது தரையில் தாழ்ந்து கிடக்கலாம். கையேட்டில் சொன்ன உயரத்துக்கு அதைத் தூக்கிக் கட்டி, முனை தண்ணீரில் மூழ்காமல் பார்த்துக்கொண்டால் அந்த வாடை நின்றுவிடும்.