பெட்டிக் குழியும் ரப்பர் பேடும்

ஒரு கல்யாண மண்டபத்துக்கு டீசல் ஜெனரேட்டர் வந்து இறங்கியது. அடிச்சட்டம் 2000 மி.மீ. நீளம், 900 மி.மீ. அகலம். டீசல், ஆயில், தண்ணீர் எல்லாம் நிரப்பினால் எடை சுமார் 1500 கிலோ. கொத்தனார் டேப்பை நீட்டி அளந்துவிட்டு, "சுத்தி மூணு அங்குலம் விட்டுப் போட்டுடலாம் சார்" என்றார். மெஷின் தாராளமாக உட்காரும்தான். ஆனால் மேடையின் அகலத்தைத் தீர்மானிப்பது மெஷின் இல்லை, போல்ட்டுக்கு விடும் குழி.

பவுண்டேஷன் போல்ட்டை முதலிலேயே கான்கிரீட்டில் நட்டுவிட்டால், சட்டத்தின் ஓட்டையோடு அது பொருந்துவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வரைபடம் ஒன்று சொல்லும், வெல்டிங் வேறொன்று செய்திருக்கும். அதனால் போல்ட் வரும் இடத்தில் 150 மி.மீ. சதுரத்தில், 300 மி.மீ. ஆழத்துக்குக் குழி விட்டு வார்ப்பார்கள். இதற்குப் பெயர் பாக்கெட். போல்ட்டைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்திக்கொள்ள இது இடம் கொடுக்கும்.

எங்கள் மெஷினில் ஓட்டையின் மையம் சட்டத்தின் ஓரத்திலிருந்து 30 மி.மீ. உள்ளே இருந்தது. கொத்தனார் சொன்ன மூன்று அங்குலத்தையும் சேர்த்தால் மையத்திலிருந்து மேடை விளிம்பு வரை 105 மி.மீ. அதில் பாதிக் குழி 75 மி.மீ. எடுத்துக்கொள்ளும். குழிக்கு வெளியே மிஞ்சும் சுவர் 30 மி.மீ., பிஸ்கட் மாதிரி உடையும். ஆறு அங்குலம், அதாவது 150 மி.மீ. விட்டால் சுவர் 105 மி.மீ. கிடைக்கிறது. ஆக மேடை 2300-க்கு 1200. ஆழம்? குழி 300, அதன் அடியில் கெட்டிக் கான்கிரீட் 150, மொத்தம் 450 மி.மீ. பெருக்கினால் 1.24 கன மீட்டர். எடை ஏறக்குறைய மூன்று டன், மெஷினைப்போல் இரண்டு மடங்கு. இந்த அளவு ஜெனரேட்டருக்கு அது போதும். மண் இளக்கமாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

மேடைக்கும் அறைத் தரைக்கும் இடையில் ஒரு அங்குலத் தெர்மகோல் வைத்துப் பிரித்தோம். இரண்டும் ஒட்டினால் அதிர்வு தரை வழியே பந்திக்கூடத்துக்குப் போகும்.

குழிக்கு வைக்கும் மரப்பெட்டியில் எண்ணெய் தடவி, கான்கிரீட் இறுகத் தொடங்கியதும் அசைத்துவிட வேண்டும். விட்டால் மரம் ஊறிப் பிடித்துக்கொள்ளும். உளியால் தட்டி எடுக்கும்போது மூலை விரியும். அடிப்பக்கம் சற்றே அகன்ற குழி இன்னும் நல்லது, உள்ளே ஊற்றும் கிரவுட் ஆப்பு மாதிரி நிற்கும். ஆனால் அதற்குப் பெட்டியைக் கழற்றும் வகையில் செய்ய வேண்டும், ஆசாரிக்கு வேலை கூடும்.

அடுத்து வருவது பலர் தடுமாறும் இடம். ரப்பர் பேடை வைத்து மெஷினை இறக்கிவிட்டால் பேட் குழியை மூடிக்கொள்கிறது. கிரவுட் எங்கே ஊற்றுவது? நாங்கள் குழிகளை விட்டு விலகி, பேடின் கனத்துக்குச் சமமான 25 மி.மீ. இரும்புத் தகடுகளை வைத்து மெஷினை மட்டம் பார்த்து நிறுத்தினோம். போல்ட்டுகளை ஓட்டைகளில் தொங்கவிட்டு, குழியை நனைத்து, தேங்கிய தண்ணீரை எடுத்துவிட்டு, சுருங்காத கிரவுட் ஊற்றினோம். ஏழு நாள் கழித்துச் செயின் பிளாக்கில் மெஷினைத் தூக்கித் தகடை எடுத்துப் பேடை நுழைத்தோம்.

பேட் பெரிதாக இருந்தால் நல்லது என்று தோன்றும். கடைக்காரர் கொடுத்தது 150 மி.மீ. சதுரம். ஆறு பேடுகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 250 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம்தான். அந்த ரகம் இரண்டு முதல் நான்கு கிலோ தாங்கும்போதுதான் சரியாக நசுங்கும். 100 மி.மீ. சதுரமாக வெட்டினோம், இரண்டரை கிலோ வந்தது.

நசுங்காத பேட் வெறுமனே வீண் என்றால்கூடப் பரவாயில்லை, அது கெடுதலும் செய்யும். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25. பேட் இரண்டரை மி.மீ. நசுங்கினால், அதன்மேல் நிற்கும் மெஷினின் இயல்பான ஆட்டம் கணக்குப்படி நொடிக்குப் பத்து. 25-ஐ விட்டு நன்றாகத் தள்ளி இருக்கிறது. அரை மி.மீ. மட்டும் நசுங்கினால் 22. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளுவதுபோல ஆட்டம் கூடிவிடும்.

கடைசியில் ஒன்று. போல்ட் சட்டத்தை இரும்போடு இரும்பாகத் தொட்டால் அதிர்வு பேடைச் சுற்றிக்கொண்டு போல்ட் வழியே மேடைக்கு இறங்கும். ஓட்டைக்குள் ரப்பர் புஷ், நட்டுக்கு அடியில் ரப்பர் வாஷர். நட்டை முழுப் பலத்தில் முறுக்கக் கூடாது. வாஷர் கையால் சுழலாத அளவுக்கு இறுக்கி, மேலே இன்னொரு நட்டைப் போட்டுப் பூட்ட வேண்டும். ஒரு வாரம் ஓடியபின் ஆறு பேடுகளின் உயரத்தையும் ஸ்கேலால் அளந்தோம். எஞ்சின் பக்கம் இரண்டும் 22 மி.மீ., மற்றவை 23. எஞ்சின் பக்கம்தான் எடை அதிகம் என்பதால் அந்த ஒரு மி.மீ. வித்தியாசத்தை அப்படியே விட்டுவிட்டோம்.