நோன்பின் நீளமும் சாய்ந்த தென்னையும்

2015-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் ரமளான் மாதத்தில் வந்தது. வட பகுதியில் பகல் மிக நீண்டிருக்கும் நாள் அது. அன்று காயல்பட்டினத்தில் நோன்பு நோற்றவர் சுமார் 13 மணி 54 நிமிடம் உண்ணாமலும் பருகாமலும் இருந்தார். காஷ்மீரத்து ஸ்ரீநகரில் நோற்றவரோ 16 மணி 10 நிமிடம் இருந்தார். இரண்டும் நம் நாட்டு ஊர்கள்தாம், கடிகாரமும் ஒன்றுதான். இந்த 2 மணி 16 நிமிட வேறுபாடு எங்கிருந்து வந்தது?

வடக்கே செல்லச் செல்ல ஜூன் மாதப் பகல் நீளும் என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். சரிதான். ஆனால் அதைக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். காயலில் அன்றைய பகல் 12 மணி 37 நிமிடம். ஸ்ரீநகரில் 14 மணி 25 நிமிடம். வேறுபாடு 1 மணி 48 நிமிடமே. இன்னும் 28 நிமிடம் கணக்கில் வரவில்லை.

அது வைகறையில் ஒளிந்திருக்கிறது. நோன்பு முடிவது சூரியன் மறையும்போது. தொடங்குவதோ சூரியன் உதிக்கும்போது அன்று. கீழ்வானின் அடியில் வெளிச்சம் குறுக்குவாட்டில் பரவத் தொடங்கும் சுபுஹு நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதற்குமுன் சில நாள்களில் தூண்போல நிமிர்ந்து தெரியும் மங்கல் ஒளி ‘பொய் வைகறை’; அது கணக்கில் சேராது. மெய் வைகறையின்போது சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 18 பாகையில் இருக்கிறது. (15 பாகை என்று கொள்வோரும் உண்டு. அட்டவணைகள் ஒன்றுக்கொன்று மாறுவதற்கு இது ஒரு காரணம்.) அன்று காயலில் வைகறை 4.44-க்கு, உதயம் 6.01-க்கு. இடைவெளி 77 நிமிடம். ஸ்ரீநகரில் வைகறை 3.35-க்கு, உதயம் 5.20-க்கு. இடைவெளி 105 நிமிடம். விடுபட்ட 28 நிமிடம் கிடைத்துவிட்டதல்லவா?

வடக்கே வைகறை ஏன் நீள்கிறது? நிமிர்ந்து நிற்கும் தென்னையையும் சாய்ந்து வளர்ந்த தென்னையையும் எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தை எட்டவேண்டுமானால், சாய்ந்த மரத்தில் கூடுதல் தூரம் ஏறவேண்டும். நிலநடுக்கோட்டருகே சூரியன் ஏறக்குறைய நேர்மேலாக எழுகிறது. வடக்கே போகப்போக அதன் பாதை தெற்குநோக்கிச் சாய்கிறது. ஆகவே, அதே 18 பாகை உயர அது நீண்ட வழி வரவேண்டியிருக்கிறது.

இதைத் தனியே சோதித்துப் பார்க்க ஒரு நல்ல நாள் உண்டு. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும் மார்ச் 20 அல்லது 21 அது. 2025-இல் அந்நாள் ரமளானுக்குள் வந்தது. அன்று இரு ஊர்களிலும் பகல் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு ஓரிரு நிமிடமே. ஆயினும் காயலில் வைகறை 70 நிமிடமும் ஸ்ரீநகரில் 84 நிமிடமும் நீடித்தன. பகல் சமமாக இருந்தும் ஸ்ரீநகரின் நோன்பு கால் மணி நேரம் நீண்டது!

ஜூனில் இந்த வேறுபாடு 28 நிமிடமாகப் பெருகக் காரணம், வடக்கே சூரியன் நள்ளிரவிலும் ஆழமாக இறங்காததே. அன்று நள்ளிரவில் அது எவ்வளவு கீழே இருக்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். 90-லிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்து, மேலும் 23½-ஐக் கழியுங்கள். ஸ்ரீநகரின் அட்சரேகை 34 பாகை, விடை 32½. அவ்வளவுதான் ஆழம். அந்த அடித்தளத்துக்கு அருகே சூரியன் மேலேறுவதைவிடப் பக்கவாட்டில் நகர்வதே மிகுதி.

தெற்கே போனால் கதை தலைகீழாகிறது. தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய ஸ்ரீநகரின் தொலைவிலேயே உள்ளது. 2015-இல் அதே ஜூன் நாளில் அங்கே நோன்பு சுமார் 11 மணி 20 நிமிடமே. ஆனால் சந்திர ஆண்டு நம் ஆண்டைவிட 11 நாள் குறைவு. ரமளான் முன்னோக்கி நகர்ந்து சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. டிசம்பர் இறுதியில் அது வரும் ஆண்டில் குறுகிய நோன்பு ஸ்ரீநகருக்கு. அப்போது காயல்காரர் அவரைவிட ஒன்றரை மணி கூடுதலாகக் காத்திருப்பார்.

இனி லண்டனுக்குக் கணக்கிடுங்கள். அட்சரேகை 51½. விடை 15 பாகை. ஜூன் நள்ளிரவிலும் சூரியன் 18 பாகையைத் தொடவேயில்லை! மேற்கின் அந்தி வெளிச்சம் மறையுமுன் கிழக்கில் வைகறை வந்துவிடுகிறது. எது எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலாது. 48½ பாகைக்கு வடக்கே எல்லா ஊர்களிலும் ஜூனில் இதே சிக்கல்தான். அங்குள்ள மார்க்க அறிஞர்கள் பல வழிகளைக் கையாளுகின்றனர். சிலர் 18-க்குப் பதில் சிறிய கோணத்தைக் கொள்கின்றனர். சிலர் இரவை ஏழாகப் பங்கிட்டுக் கடைசிப் பங்கின் தொடக்கத்தை வைகறை என்கின்றனர். அதனால் ஒரே நகரின் இரு பள்ளிவாசல்களில் சஹர் முடியும் நேரம் வெவ்வேறாக இருப்பதுண்டு. நோன்பு திறக்கும் நேரத்தில் அந்த அளவு வேறுபாடு வருவதில்லை. சூரியன் மறைவதுதான் கண்ணெதிரே நிகழ்கிறதே. நார்வேயின் டிராம்சோவில் அதுவும் இல்லை. ஜூன் முழுவதும் அங்கே சூரியன் மறைவதேயில்லை. அங்குள்ளோரில் பலர் மக்காவின் நேரத்தைப் பின்பற்றி நோன்பு திறக்கின்றனர்.