இரண்டு நாளும் இருநூறு ரூபாயும்

நீட் தேர்வு முடிந்த சில வாரங்களில் தேசியத் தேர்வு முகமை தற்காலிக விடைக்குறிப்பை neet.nta.nic.in தளத்தில் வெளியிடும். கூடவே உங்கள் ஓ.எம்.ஆர். தாளின் நகலும் வரும். 2024-இல் மே 29 அன்று வெளியாகி, ஆட்சேபிக்க முதலில் மே 31 வரைதான் நேரம் தரப்பட்டது. கேள்விக்கு 200 ரூபாய். வாதம் சரியென்றாலும் பணம் திரும்பாது.

விண்ணப்ப எண்ணால் உள்ளே நுழைந்து, கேள்வியைத் தேர்ந்து, எது சரியான விடை என்று குறித்து, சான்றைப் பதிவேற்ற வேண்டும். பணம் கட்டினால்தான் ஆட்சேபம் பதிவாகும். தமிழாக்கத்தில் குழப்பம் என்றால் ஆங்கில மூலமே செல்லும் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டு எழுதுங்கள்.

சான்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு அவ்வாண்டின் இயற்பியல் கேள்வி ஒன்றே போதும். ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலையானவை என்றது அதிலிருந்த கூற்று. கதிரியக்கத் தனிமங்களை நினைத்தால் அது தவறு, பழைய என்.சி.இ.ஆர்.டி. பதிப்பின்படியோ சரி. முகமை இரு விடைகளுக்கும் மதிப்பெண் தந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர் குழு ஒன்றே சரி என்றது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது: கிடைத்த நான்கு போய், தவறுக்கான ஒன்றும் கழிந்தது.

ஆட்சேபம் ஏற்கப்பட்டால் திருத்தம் எல்லோருக்கும் பொருந்தும். உங்களுக்குத் தனியாகப் பதில் வராது. இறுதி விடைக்குறிப்பு வந்தபின் முகமையிடம் ஆட்சேபிக்க வழியில்லை. ஆகவே நடப்புப் பதிப்புப் பக்கத்தை முன்பே ஸ்கேன் செய்து வைத்திருங்கள்.