பல்வலிக்கு வாங்கிய மாத்திரை

48 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. பத்து வருஷத்துக்கு முன்பு அதை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அசெனோகூமரால் 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடுகிறார். ரத்தம் வால்வின் மேல் உறைந்துவிடாமல் இருக்க, ஆயுள் முழுக்க இதை அவர் சாப்பிட வேண்டும். மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பரிசோதிக்கிறார். போன மாதம் ஐ.என்.ஆர். 2.8. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

இந்த மாதம் கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியது. பக்கத்துத் தெரு பல் டாக்டரிடம் போனார். அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் 400 மூன்று வேளை, வலிக்கு டைக்ளோஃபெனாக் என்று ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதை அந்த அம்மா சொல்லவில்லை. பல்லுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டார். டாக்டரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் வீக்கம் வடிந்தது. நான்காம் நாள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. பல்லில்தானே கோளாறு என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் முழங்கையில் இடிபடாமலே ஒரு நீலத் திட்டு. ஆறாம் நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐ.என்.ஆர். 8.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதைப் பார்த்துவிடலாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை, எல்லா ஆய்வகத்துக்கும் பொதுவான ஓர் அளவுக்குக் கொண்டுவந்து சொல்வதுதான் ஐ.என்.ஆர். மருந்து எதுவும் சாப்பிடாத ஆளுக்கு அது 1 அளவில் இருக்கும். காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு 2-லிருந்து 3 வரை வைத்துக்கொள்வார்கள். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக 2.5-லிருந்து 3.5 வரை. இதற்குக் கீழே போனால் வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போகும். 5-ஐத் தாண்டினால் எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தம் கசியத் தொடங்கலாம்.

2.8-ல் இருந்தவர் ஆறே நாளில் 8-க்குப் போனது எப்படி? வார்ஃபரினும் அசெனோகூமராலும் ஒரே குடும்பத்து மருந்துகள். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் நான்கை, வைட்டமின் கே-யை வைத்துத்தான் கல்லீரல் தயாரிக்கிறது. இந்த மாத்திரைகள் வைட்டமின் கே-யைத் திரும்பப் பயன்படுத்த விடாமல் தடுக்கின்றன. வேலை முடிந்த மாத்திரையை உடைத்து வெளியே தள்ளுவதும் அதே கல்லீரல்தான். அதற்கென்று ஒரு நொதி இருக்கிறது. மெட்ரோனிடசோல் போய் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. தினமும் போடுவது ஒரு மாத்திரைதான் என்றாலும், நேற்றைய மாத்திரை கழியாமல் இன்றைய மாத்திரையோடு சேர்ந்துகொள்கிறது. மெல்ல மெல்ல அவர் ஒன்றரை மாத்திரை, இரண்டு மாத்திரை சாப்பிடுகிற ஆளைப் போல ஆகிவிடுகிறார்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாமல் போனதற்கும் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே தயாரான உறைபுரதங்கள் ரத்தத்தில் கொஞ்ச நாள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்று ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் புரோத்ராம்பின் என்ற முக்கியமான புரதம் பாதியாக இரண்டரை, மூன்று நாள் பிடிக்கும். அதனால்தான் ‘இரண்டு நாள் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்ற தைரியத்துக்கு இந்த விஷயத்தில் மதிப்பே கிடையாது. ஆபத்து பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கு மேல்தான் தலைகாட்டும்.

அந்த அம்மாவுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள் சேர்ந்துகொண்டன. வாயைத் திறக்க முடியாமல் ஐந்து நாளும் கஞ்சியிலேயே ஓட்டினார். கீரையும் காய்கறியும் இல்லாததால் வைட்டமின் கே வரத்து நின்றது. டைக்ளோஃபெனாக் இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கியது. கறுப்பு மலம் அங்கிருந்து கசிந்த ரத்தம்தான்.

மெட்ரோனிடசோலைப் போலவே கவனிக்க வேண்டிய இன்னொன்று, சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்சசோல். இவை இரண்டும்தான் முதல் வரிசை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் ஐ.என்.ஆரை ஏற்றக்கூடியவை. அமாக்சிசிலினும் செஃபலெக்சினும் பெரும்பாலோருக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஆனாலும் காய்ச்சலும் சாப்பாடு இறங்காததும் சேர்ந்தால் அவற்றோடும் எண் ஏறலாம். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது பூஞ்சை மருந்து, வெறும் பூச்சுதான். ஆனால் வாய் வழியே உள்ளே போய் அதே நொதியைத்தான் கட்டுகிறது.

அப்படியானால் ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று இருந்துவிடலாமா? கூடாது. செயற்கை வால்வு உள்ளவருக்குப் பல் சீழை விட்டுவைப்பது அதைவிடப் பெரிய ஆபத்து; கிருமி ரத்தத்தில் கலந்து வால்விலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். ரத்தம் உறையா மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதும் தவறு. பல பேர் செய்கிற தவறு இதுதான். செய்ய வேண்டியது, பல் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, சீழைக் கீறி வெளியேற்றி, முடிந்தால் மெட்ரோனிடசோல் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்பது. வலிக்கு டைக்ளோஃபெனாக்குக்குப் பதில் அளவோடு பாரசிட்டமால். மெட்ரோனிடசோல் வேண்டியே இருந்தால், இதய டாக்டருக்கு ஒரு போன். அவர் அசெனோகூமராலின் அளவைக் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று குறைக்கச் சொல்லலாம். அல்லது அளவை மாற்றாமல் மூன்றாம் நாளும் அதன் பின் ஒரு வாரத்துக்குள்ளும் ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லலாம். ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் ஒரு தடவை பார்க்க வேண்டும். கட்டுண்ட நொதி விடுபட்டதும் எண் கீழே இறங்கும். குறைத்த மாத்திரையைத் திரும்ப ஏற்ற மறந்தால், இந்தப் பக்கம் தப்பியவர் அந்தப் பக்கம் ரத்தக்கட்டில் மாட்டிக்கொள்வார்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் இந்தக் கதையைத் தங்கள்மேல் போட்டுப் பார்க்க வேண்டாம். அவையும் பேச்சுவழக்கில் ‘ரத்தம் மெலிதாகும் மாத்திரை’தான், ஆனால் வேலை செய்யும் வழியே வேறு, அவற்றுக்கு ஐ.என்.ஆர். பார்ப்பதும் இல்லை. ரிவரோக்சபான், அபிக்சபான், டாபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகளுக்கும் ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் கிளாரித்ரோமைசின் அவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ரிஃபாம்பிசின் இறக்கிவிடும்.

ரிஃபாம்பிசினைத் தனியாகச் சொல்ல வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் கொடுக்கும் கூட்டு மாத்திரையில் அது கடைசி நாள் வரை இருக்கிறது. சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குவது அதுதான். மெட்ரோனிடசோல் கல்லீரல் நொதியைக் கட்டிப்போடுகிறது என்றால், ரிஃபாம்பிசின் பல நொதிகளைத் தட்டி எழுப்பி, கூடுதலாகவும் உற்பத்தி செய்ய வைக்கிறது. வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அப்போது பழைய அளவு போதவே போதாது. இரண்டு மடங்கு, சிலருக்கு அதற்கும் மேல் தேவைப்படும். காசநோய் சிகிச்சை முடிந்ததும் நொதிகள் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஏற்றிய அளவை அப்போது இறக்காவிட்டால் ரத்தக்கசிவு.

இதே நொதிகள்தான் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்களையும் உடைக்கின்றன. அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருப்பது 0.03 மில்லிகிராம்தான். அவ்வளவு நுணுக்கமான அளவு, ரிஃபாம்பிசினின் வேகத்துக்கு முன்னால் நிற்காது. ஒரு நாளும் தவறாமல் மாத்திரை போட்ட பெண்ணும் கருத்தரிக்கலாம். தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சிக்கும் இது பொருந்தும். காசநோய் மருந்து முடிந்த பிறகும் நான்கு வாரம் வரை இந்தப் பாதிப்பு நீடிக்கும். அந்தக் காலம் முழுவதற்கும் காப்பர்-டி நல்ல வழி; அதில் ஹார்மோனே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியின் பலனையும் ரிஃபாம்பிசின் குறைப்பதில்லை. காசநோய் மருந்து எழுதும் இடத்திலேயே இந்தக் கேள்வியைப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊரில் அந்தப் பேச்சை எடுக்க டாக்டரும் கூச்சப்படுகிறார், நோயாளியும் கூச்சப்படுகிறார்.

ஆனால் மற்ற ஆன்டிபயாடிக்குகளைப் பற்றிய பயம் பழைய பயம். தொண்டைவலிக்கு அமாக்சிசிலினோ அஸித்ரோமைசினோ சாப்பிட்டால் கருத்தடை மாத்திரை பலிக்காது என்று நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போவதால் ஹார்மோன் உடம்பில் திரும்பச் சேராது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. பிரிட்டனில் 2011-லேயே அந்த எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். பார்க்க வேண்டியது வாந்தியைத்தான். மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை போட வேண்டும்.

அமிலத்தைத் தணிக்கும் மருந்து விஷயத்தில் கல்லீரலுக்கு வேலை இல்லை. எல்லாம் வயிற்றிலேயே நடந்துவிடுகிறது. சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டு வயிறு எரிகிறது என்று வெள்ளையாகவோ பிங்க் நிறத்திலோ இருக்கும் அந்தத் திரவத்தை இரண்டு ஸ்பூன் குடிக்கிறோம். அதில் இருக்கும் அலுமினியமும் மெக்னீசியமும் ஆன்டிபயாடிக்கைப் பிடித்துக் கட்டியாக்கிவிடும். கட்டியானது குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு போய்விடும். சேர்த்துச் சாப்பிட்டால் மருந்தின் பெரும்பகுதி ரத்தத்துக்கே போகாது. டாக்ஸிசைக்ளினுக்கும் இதே கதி. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை, ஒரு டம்ளர் பால் எல்லாம் சிப்ரோவை இப்படியே கட்டும். சிப்ரோவைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அமில மருந்து குடிக்கலாம்; அமில மருந்தை முதலில் குடித்துவிட்டால் சிப்ரோவுக்கு ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பான்டோபிரசோல் போன்ற ‘கேஸ் மாத்திரை’யில் உலோகம் இல்லை, சிப்ரோவுக்கு அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் செஃபுராக்ஸிம், செஃபோடாக்ஸிம் என்று முடியும் பெயர்களில் குழம்பிவிடாதீர்கள்: வாய்வழி சாப்பிடும் செஃபுராக்ஸிமும் செஃப்போடாக்ஸிமும் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், கேஸ் மாத்திரை அதைக் குறைத்துவிடும். அவற்றைச் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்வது நல்லது.

உங்கள் வீட்டில் வால்வு ஆபரேஷன் செய்துகொண்டவர் இருந்தால், அவருடைய ஐ.என்.ஆர். நோட்டை இதய டாக்டருக்காக மட்டும் பத்திரப்படுத்தாதீர்கள். பல் டாக்டரிடம் போனாலும், காய்ச்சலுக்குப் பக்கத்து கிளினிக் போனாலும், மருந்துக் கடையில் வெறுமனே ஒரு வலி மாத்திரை கேட்டாலும், அந்த நோட்டை எடுத்து மேஜையில் வையுங்கள்.